தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர்

விகாரை வாசல் வேம்புக்கும் எதிர் லைன் வீட்டுத் தூணுக்கும் நடுவே கயிறு கட்டி ஐந்து நிறக் கொடிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, காவி. 1885இல் கொழும்பில் உருவான பௌத்தக் கொடி. இங்கே தைத்தவர் தெருக்கோடி டைலர். காவித் துணி பற்றாமல் இரண்டு கொடிகளில் பழைய பாவாடைத் துணியை வைத்துத் தைத்திருக்கிறார், ஓரத்து ஜரிகைகூட அப்படியே இருக்கிறது. யாரும் அதைக் குறையாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. காற்றடித்தால் மற்றவற்றைவிட அந்த இரண்டுதான் மினுங்குகின்றன.

கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பக்கம். புத்த பூர்ணிமா மாலை. மே மாத வெயில் இறங்கிவிட்டது, தகரக் கூரைகளின் சூடு இன்னும் இறங்கவில்லை. வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மேடு சாம்பல் வெள்ளையாக நிற்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய அரைத்த பாறை அது. நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் காயவைத்த துணியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் நரநரவென்று படியும். அதனால் விகாரையின் மேற்கு ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு மின்விசிறிகள். அதில் ஒன்று சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது.

பெண்கள் வெள்ளைப் புடவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் குழந்தைகள். ஆண்களில் வயதானவர்கள் யாரும் நடுக்கூடத்துக்கு வரவில்லை, சுவரோரமாகப் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள். முதலில் அதை முதுகுவலி என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கவனித்தால் வேறு காரணம் தெரிகிறது. தோள்பட்டை ஏறி ஏறி இறங்குகிறது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு எடுக்கிறார்கள். தங்கம் இருந்த பாறை குவார்ட்ஸ் பாறை. அதைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துவிடும், திரும்ப வெளியே வராது. அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பான இடம் காற்றை வாங்காது. மருந்து கொடுத்து அதைத் திருப்பிவிட முடியாது, காசநோயும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்தை 2001இல் மூடினார்கள். அதற்கு முன்பு மூச்சில் போனது இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது.

இந்த மக்களின் பௌத்தத்துக்கு வயது அதிகம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் ஆரம்பித்த ஒரு பைசாப் பத்திரிகைக்குத் தங்கவயல் லைன்களில் நல்ல வாசகர்கள் இருந்தார்கள். கேஜில் இறங்கி ஏறிய கைகள் சந்தா கட்டி வாங்கிப் படித்தன. பண்டிதர் மறைந்தபின் அவருடைய எழுத்துகளைப் புத்தகங்களாக அச்சிட்டு வைத்ததும் இந்த ஊர்ச் சித்தார்த்தா புத்தகசாலைதான். அம்பேத்கர் நாக்பூரில் தீட்சை வாங்கியது 1956இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே மூன்று சரணங்களையும் ஐந்து சீலங்களையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரில் புத்தருக்கு ஒரு பக்கம் பண்டிதர் படமும் மறுபக்கம் அம்பேத்கர் படமும் மாட்டியிருப்பதில் அந்த வரிசை தெரிகிறது. பண்டிதர் படம் பழசு, ஓரத்தில் செல்லரித்திருக்கிறது.

பந்தே வருகிறார். எழுபதைத் தொட்ட தமிழ்ப் பிக்கு. துவராடை, சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. எல்லோரும் எழுந்து கைகூப்பி "வந்தாமி பந்தே" என்கிறார்கள். சரணமும் சீலமும் சொல்லி முடிந்ததும் ஒரு சிறுவன் அவருக்குப் பால் பாயசம் நீட்டுகிறான். சுஜாதை கொடுத்த பால்சோற்றின் நினைவாகச் செய்தது. பாட்டி ஒருத்தி எட்டி அவன் கையைப் பிடித்து இழுக்கிறாள். "பந்தே மத்தியானத்துக்கு மேல சாப்புட மாட்டாரு. கட்டன் டீ எடுத்தாடா." அவளும் இன்று எட்டுச் சீலக்காரி. பாயசம் அவளுக்கும் கிடையாது. ஆனால் பாத்திரம் திறக்கும்போதெல்லாம் ஏலக்காய் வாசனை வந்த பக்கம் அவள் தலை திரும்புவதைப் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் நீலத் துணியில் வெள்ளைக் காகித எழுத்துகள்: 'புத்தரின் கருணை – அறவுரை'. இப்படித் தலைப்பு கொடுத்தால் என்ன வரும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மணிமேகலையின் அமுதசுரபி வரும். இந்தப் பௌர்ணமியில்தான் அது கோமுகிப் பொய்கையில் மேலே எழும் என்பது காப்பியக் கதை, ஆகவே பொருத்தமும்கூட. இல்லாவிட்டால் அங்குலிமாலன் வருவான், விரல் மாலையோடு. கூட்டத்துக்கு அவன் மேல் தனிப் பிரியம் உண்டு.

பந்தே இரண்டையும் எடுக்கவில்லை. கட்டன் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஒரு பிக்குவுக்கு வயித்தால போச்சு" என்று ஆரம்பித்தார்.

குழந்தைகள் சிரித்தார்கள். அவர் தடுக்கவில்லை.

விநயத்தில் வருகிற கதை, மகாவக்கத்தில். மிகச் சின்னது. அந்தப் பிக்குவுக்குப் பேர்கூடக் கொடுக்கவில்லை என்றார் பந்தே. பகவான் ஆனந்தரைக் கூட்டிக்கொண்டு பிக்குகள் தங்கியிருக்கிற குடில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். ஒரு குடிலில் ஒருவர் தரையில் கிடக்கிறார். தன் மூத்திரத்திலும் மலத்திலும் அப்படியே கிடக்கிறார். பந்தே இந்த இடத்தில் எதையும் மெழுகவில்லை. நாற்றத்தைச் சொன்னார், ஈயைச் சொன்னார், ஆடை உடம்போடு ஒட்டிக் காய்ந்திருக்கும் என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்ததுபோல இறக்கிக்கொண்டாள்.

"பகவான் கேக்குறாரு, உனக்கு இன்னா நோவு? வயிறுன்றாரு. உன்னப் பாத்துக்க ஆள் இருக்கான்றாரு. இல்லன்றாரு. ஏன் இல்ல? அதுக்கு அந்தப் பிக்கு சொல்ற பதில நல்லா கேட்டுக்கோங்க." பந்தே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என்னால மத்தவங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அதனால பாக்க மாட்டேன்றாங்க. இதான் பதில். புகார் பண்ணல. கோவிச்சுக்கல. அவங்க பண்ணது நியாயம்னு அவரே ஒத்துக்கினாரு."

சுவரோரம் ஒருவர் இருமினார். அது அடங்க நேரமெடுத்தது. பந்தே காத்திருந்தார். அவருக்கு இந்த ஊர் பழக்கம்போலும். இருமல் வரும்போது குரலை உயர்த்தி அதை மூடப் பார்க்கிற பேச்சாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கதையில் நடப்பது வேலை. பந்தேயும் அதை வேலையாகவே சொன்னார். பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். ஆனந்தர் கொண்டுவருகிறார். பகவான் ஊற்றுகிறார், ஆனந்தர் தேய்த்துக் கழுவுகிறார். கழுவி முடிந்ததும் பகவான் தலைப்பக்கம் பிடிக்கிறார், ஆனந்தர் கால்பக்கம் பிடிக்கிறார். தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அவ்வளவுதான். இதுவரைக்கும் ஓர் உபதேச வார்த்தை இல்லை. எல்லாம் அநித்தியம் என்று சொல்லவில்லை, வலியைக் கவனித்துத் தியானம் பண்ணு என்று சொல்லவில்லை. முதலில் தண்ணீர்.

பந்தே கையால் காட்டினார். வலது கை குடத்தைச் சாய்ப்பதுபோல வளைந்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி ஒரு தலையை ஏந்திக்கொள்வதுபோல வைத்தார்.

சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல். பேச்சில் குறுக்கிட வேண்டும் என்று சொன்னதல்ல, பக்கத்து ஆளுக்குச் சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. "தலைப்பக்கந்தான் பாரம்."

"இன்னா ஐயா?" என்றார் பந்தே.

அந்தப் பெரியவர் சங்கடப்பட்டார். எழப் பார்த்தார். வேண்டாம், உட்கார்ந்தே சொல்லுங்கள் என்று பந்தே கையமர்த்தினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பெரியவர் சொன்னார்: "ஒண்ணுமில்ல பந்தே. கீழ பாற வெடிச்சு ஆள் வுழுந்தா நாங்க அப்பிடித்தான் தூக்கினு வருவோம். ஸ்ட்ரெச்சர் வர வரைக்கும் நிக்க முடியாது. தலைப்பக்கம் ஒருத்தன், கால்பக்கம் ஒருத்தன். தலைப்பக்கம் புடிக்கறவனுக்குத்தான் பாரம். தோளு, மாரு எல்லாம் அந்தப் பக்கந்தான். அதனால கொஞ்சம் தாட்டியான ஆளு தலைக்குப் போவான்."

அவர் நிறுத்தியதும் பக்கத்தில் இருந்த இன்னொருவர் தலையாட்டினார். "மூஞ்சியும் தெரியும் அந்தப் பக்கம்" என்று சேர்த்தார். "கால்பக்கம் புடிச்சா மூஞ்ச பாக்க வேணாம்."

பந்தே சற்று நேரம் பேசவில்லை. "இத நான் படிச்ச எந்த உரையிலயும் பாக்கலைங்க ஐயா" என்றார். அது உபசார வார்த்தையாகப் படவில்லை. துணிப்பையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். மேடையில் இருந்தபடி ஒரு பிக்கு, கேட்க வந்தவர் சொன்னதை எழுதிக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்த பேரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தாவைச் சுரங்கத்தில் பார்க்காத தலைமுறை.

மேலே கதை சூடு பிடித்தது. பகவான் பிக்குகளைக் கூட்டுகிறார். தெரியாததுபோல அதே கேள்விகளைக் கேட்கிறார். அந்தக் குடிலில் நோயாளி இருக்கிறாரா? இருக்கிறார். என்ன நோய்? வயிறு. பார்த்துக்கொள்ள ஆள்? இல்லை. ஏன்? அவரால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கிடந்தவர் சொன்ன பதிலும் கைவிட்டவர்கள் சொன்ன பதிலும் ஒன்றே. பந்தே இரண்டையும் ஒரே தொனியில் சொன்னார். அந்த ஒற்றுமையில்தான் கதையின் முழுக் கனமும் இருப்பதாக எனக்குப் பட்டது. ஒருவனைக் கைவிடுவதற்கு வெறுப்பு தேவைப்படவில்லை. இரு தரப்பும் சம்மதிக்கிற ஒரு கணக்கு போதுமாக இருந்திருக்கிறது.

அதற்குப் பகவான் சொன்ன மறுமொழியைப் பந்தே தன் சொந்தப் பேச்சிலேயே சொன்னார். உங்களுக்கு இங்கே அம்மா இல்லை, அப்பா இல்லை. வீட்டை விட்டு வந்தவர்கள் நீங்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? எனக்கு யாராவது பணிவிடை செய்ய நினைத்தால் நோயாளிக்குச் செய்யட்டும். இந்தக் கடைசி வாக்கியம் பலருக்கும் தெரிந்தது. 'சாது' என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரும்பாலான அறவுரைகள் இங்கே முடிந்து பாயசத்துக்குப் போய்விடும். பந்தே கையைத் தூக்கினார். "இன்னும் இருக்கு. இதுக்கு அப்புறந்தான் முக்கியம்."

முக்கியம் என்று அவர் சொன்னது ஒரு விதி. யார் பார்க்க வேண்டும் என்ற வரிசை. நோயுற்ற பிக்குவுக்கு உபாத்தியாயர் இருந்தால் அவர் பார்க்க வேண்டும், குணமாகும்வரை, தேவைப்பட்டால் ஆயுள் முழுக்க. அவர் இல்லையென்றால் ஆசிரியர். இல்லையென்றால் கூடவே தங்கியிருக்கும் சீடர். இப்படியே போய், யாருமே இல்லையென்றால் சங்கம் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் சங்கத்தின் மேல் குற்றம். துக்கடம் என்று பேர், சின்னக் குற்றம்தான், ஆனாலும் குற்றம். "பரிதாபப்பட்டா போய்ப் பாருங்கன்னு பகவான் சொல்லல. மனசு இரங்கறதுக்குக் காத்திருந்தா அந்தப் பிக்கு செத்திருப்பாரு. முறை வச்சாரு" என்றார்.

பிறகு நோயாளியின் பக்கம் திரும்பினார். இங்குதான் கூடம் கலகலத்தது. எப்படிப்பட்ட நோயாளியைப் பார்ப்பது கஷ்டம் என்று அந்தக் கதையிலேயே ஐந்து இலக்கணம் இருக்கிறதாம். ஒத்துக்கொள்ளாததைச் செய்வான். ஒத்துக்கொள்வதையும் அளவோடு செய்யமாட்டான். மருந்து சாப்பிடமாட்டான். பந்தே அடுத்ததற்குப் போவதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மா திரும்பிச் சுவர்ப் பக்கம் கைநீட்டினாள். "அதோ குந்தினுகீறாரே!" கூடமே அந்தப் பக்கம் திரும்பியது. குறிவைக்கப்பட்ட மனிதர் கூரையைப் பார்த்தார். நோவு கூடியதா குறைந்ததா என்று பார்த்துக்கொள்கிறவரிடம் உள்ளபடி சொல்லமாட்டான் என்பது நான்காவது. "சொல்லவே மாட்டாரு பந்தே, கேட்டா நல்லாகீறேன்னுவாரு, ராத்திரி பூரா குந்தினேகீறாரு" என்றாள் இன்னொருத்தி. ஐந்தாவது, வலியைப் பொறுக்காதவன். அதற்கு யாரும் யாரையும் காட்டவில்லை.

இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு சட்டப் புத்தகம் நோயாளியைப் பூஜிக்காமல், அவனிடமும் கொஞ்சம் ஒழுங்கு கேட்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. பார்த்துக்கொள்கிறவளின் அலுப்பை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஐந்து உண்டு. மருந்து தயார் பண்ணத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து ஒத்ததைக் கொடுக்க வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருப்பு கூடாது. அவ்வப்போது தர்மம் பேசி அவன் மனதைத் தேற்றத் தெரிய வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு பார்க்க வேண்டும். பந்தே கடைசியாகச் சொன்ன இதில்தான் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

முப்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை இல்லை, சுடிதார். தோளில் இன்னும் பயணப் பை. மாரிக்குப்பத்துக்கு வரும் மாலை ரயிலில் இறங்கி நேரே வந்திருக்க வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேரின் பிழைப்பு இப்போது பெங்களூரில்தான். விடியுமுன் ரயிலேறி இருட்டியபின் இறங்குகிறார்கள்.

"பந்தே, நான் பெங்களூருல ஒரு வூட்ல பெரியவர பாத்துக்கறேன். சம்பளத்துக்குத்தான் பாக்கறேன். மலம், மூத்திரம் எல்லாம் எடுக்கறேன். அப்ப நான் லாயக்கில்லாதவளா?"

கேள்வியில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிற குரல். பந்தே உடனே பதில் சொல்லவில்லை. சம்பளம் வாங்குவது குற்றமில்லை என்றார். ஆதாயம் நின்றால் கையும் நின்றுவிடுமா என்பதே கேள்வி என்றார். அவள் விடவில்லை. "நின்னா நிக்கத்தான் வேணும் பந்தே. வாடகை குடுக்கணும். எனக்கும் ரெண்டு பசங்க." கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை.

எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. பந்தேவுக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். டீக் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு, இந்தக் கதை மகாவக்கத்தில் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். மருந்துக்கென்று இருக்கும் அத்தியாயத்தில் இல்லை. சீவரம் பற்றிய அத்தியாயத்தில், அதாவது துணிமணிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்றால் அதற்கு அடுத்த சம்பவம் அது. ஒரு பிக்கு நோயில் இறந்துபோகிறார். அவருடைய மூன்று ஆடைகளும் பிச்சைப் பாத்திரமும் யாருக்கு? அவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பகவான் சொன்னாராம். பிக்குவோடு சேர்ந்து ஒரு சாமணேரப் பையனும் பணிவிடை செய்திருந்தால் அவனுக்கும் சரிபங்கு. சின்னவன் என்று குறைக்கக் கூடாது.

"ஆதாயத்துக்காகப் பாக்காதேன்னு பாக்கறவங்ககிட்ட சொன்னாரு. பாத்தவங்களுக்குக் குடுக்காம வுடாதேன்னு மத்தவங்ககிட்ட சொன்னாரு. ரெண்டையும் சேத்துப் படிக்கணும்மா. நான் மொதல்ல பாதியத்தான் சொன்னேன்."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இந்த லைன்களில் வீட்டுப் பட்டா, பாக்கித் தொகை, பி.எஃப். என்று அப்பன் போனபின் அண்ணன் தம்பிகள் வழக்காடாத குடும்பம் குறைவு. கடைசிவரை மலம் அள்ளியது மருமகளாகவோ கட்டிக்கொடுக்காத மகளாகவோ இருக்கும். அவள் பேர் எந்தத் தாளிலும் இருக்காது. மூன்று ஆடையும் ஒரு பாத்திரமும் யாருக்கு என்பது எங்கோ பழைய காலத்துச் சங்கதியாக இங்கே விழவில்லை.

அந்தப் பிக்கு பிழைத்தாரா என்று ஒரு பையன் கேட்டான். கதை அதைச் சொல்லவில்லை என்றார் பந்தே. தம்மபத உரையில் திஸ்ஸர் என்ற வேறொரு பிக்கு வருவார். உடம்பெல்லாம் புண் வெடித்துக் கிடப்பார். பகவானே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவார், அவர் ஞானமடைந்து இறந்துபோவார். அதில் முடிவு இருக்கிறது. இதில் இல்லை. "பொழச்சா மட்டும் பாக்கணும்னு இல்ல இல்ல, அதனால எழுதாம வுட்டுட்டாங்களோ இன்னாவோ" என்றார். பையனுக்கு அது போதவில்லை. அவன் பிழைத்தார் என்று வைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

பேச்சு முடிந்தது. மூன்று முறை 'சாது'. பாயசம் வந்தது, காகிதக் குவளையில். எட்டுச் சீலப் பாட்டிதான் முன்னால் நின்று விளம்பினாள். கரண்டி பிடித்த கையில் கஞ்சத்தனம் இல்லை. பந்தே பண்டிதர் படத்தின் கீழ் உட்கார்ந்து, சுவரோரப் பெரியவர்களோடு ஷிஃப்ட் கதை பேச ஆரம்பித்துவிட்டார்.

காரியதரிசி ஒரு நீள நோட்டை விரித்தார். சந்தா நோட்டு என்று நினைத்து இரண்டு பேர் நழுவினார்கள். சந்தா இல்லை. பின்னால் மூன்றாவது லைனில் ஒருவர் படுத்துவிட்டாராம். மூச்சுத் தொல்லை முற்றிப்போய் எழுந்திருக்க முடியவில்லை. பெண்டாட்டி இல்லை. மகன் ஓசூரில், ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறான். சுரங்கக் கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரி இருந்த காலமென்றால் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். சுரங்கத்தோடு அதுவும் மூடிப்போயிற்று. ராத்திரிக்கு யாராவது கூட இருக்க வேண்டும்.

"அவரா?" என்றார் சட்டைப்பையில் பேனா வைத்திருந்த ஒருவர். "விகாரைக்கு ஒரு நாள் வந்திருக்காரா? கட்டடம் கட்டும்போது ஒரு ரூபா குடுத்தாரா? குழாயடில சண்ட போடாத ஆள் உண்டா? அவரால நமக்கு இன்னா..." அங்கே நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவரும் சிரித்தார், ஆனால் முகம் சிவந்திருந்தது. "சரி, செவ்வாய்க்கிழம எழுதிக்கோ. சண்ட போட்டா திரும்பி வந்துடுவேன்."

திங்கள் ஒருவர் எடுத்துக்கொண்டார். வியாழன், வெள்ளி அண்ணன் தம்பி இரண்டு பேர். சனிக்கிழமைக்கு ஒரு இளைஞன் பேர் கொடுத்து, பெங்களூரில் இரவு ஷிஃப்ட் என்று ஞாபகம் வந்து அடித்துவிட்டான். புதனுக்கும் யாரும் இல்லை. காரியதரிசி புதன் என்று எழுதிக் காலியாக விட்டு, நோட்டை இன்னொரு சுற்று விட்டார். அப்போதும் காலி. மேலே பாயசம் சிந்தியதுதான் மிச்சம்.

சுடிதார்ப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்தாள். "கூட இருந்தா போதாதுண்ணா. இன்னா பண்ணணும்னு தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. அவள் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதச் சொன்னாள். காரியதரிசி எழுதினார். தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள், மூச்சு அடைக்கும். தலையணை மூன்று வைத்துச் சாய்த்து உட்காரவையுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். அழுத்திப் பார்த்தால் அந்தச் சிவப்பு மறையாது. அதுதான் படுக்கைப் புண்ணுக்கு ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். விரிப்பில் ஈரம் இருக்கக் கூடாது, சுருக்கமும் இருக்கக் கூடாது. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும், இரண்டு பேர் தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

"அப்ப ஒரு ராத்திரிக்கு ரெண்டு பேரு வேணும்" என்றார் பேனாக்காரர்.

"ஆமா. அதுக்கேத்த மாதிரி எழுதுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி பக்கம் மாத்தணும்."

"ராத்திரிலயுமா?"

"ராத்திரிலயும்தாண்ணா. அலாரம் வச்சுக்கோங்க."

காரியதரிசி ஒவ்வொரு கிழமைக்கும் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு கோடு போட ஆரம்பித்தார்.